போர் எதிர்ப்பு ராக் பாட்டைப் பிரித்துக் கேட்பது எப்படி: 'ஃபார்ச்சுனேட் சன்' வழியாக ஒரு முழு வழிகாட்டி

வியட்நாம் போர் பற்றிய ஹாலிவுட் படத்தையோ வீடியோ கேமையோ திறந்தால் ஒரு காட்சி எப்படியும் வந்துவிடும். ஹெலிகாப்டர் காட்டுக்கு மேல் தாழ்வாகப் பறக்கும், டிரம்ஸ் தடதடக்கும், கரகரத்த குரல் ஒன்று கத்த ஆரம்பிக்கும். அந்தப் பாட்டு பல நேரம் க்ரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் 'ஃபார்ச்சுனேட் சன்'. ஹெலிகாப்டரோடு சேர்த்தே கேட்டுப் பழகியதால், இது சண்டைக்குக் கிளம்புகிறவனை உசுப்பேற்றுகிற பாட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வரிகளை எழுத்தில் படித்தபோதுதான் விஷயம் தலைகீழ் என்று தெரிந்தது. போருக்கு அனுப்பப்படுகிறவன், தன்னை அனுப்புகிறவர்களைப் பார்த்துக் கத்துகிற பாட்டு அது.

எனக்கு மட்டும் நடந்த தவறு இல்லை இது. அமெரிக்காவில் அரசியல் மேடைகளிலும் விளம்பரங்களிலும் இதே தவறு நடந்திருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன். முதலில் இந்த ஒரு பாட்டைப் பிரித்து வைத்துப் பார்க்கலாம். பக்கத்தில் அதே காலத்துப் பாட்டுகள் சிலவற்றை ஒப்பிட வைத்துக்கொண்டால், எது ஏன் நின்றது, எது ஏன் அந்த வருடத்தோடு போனது என்பது ஓரளவு பிடிபடும். ஹெட்போன் இருந்தால் நல்லது. பாட்டின் வரிகளைத் தனியாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பாட்டு வந்த நேரத்துச் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போனால் மீதி எதுவும் புரியாது. அன்றைய அமெரிக்காவில் கட்டாய ராணுவ அழைப்பு இருந்தது. பதினெட்டு வயதானால் பதிவு செய்ய வேண்டும், அழைப்புக் கடிதம் வந்தால் போக வேண்டும். ஓட்டுப் போடும் வயதோ பெரும்பாலான மாநிலங்களில் இருபத்தொன்று, அது நாடு முழுக்கப் பதினெட்டாகக் குறைந்தது 1971இல்தான். ஆக, பத்தொன்பது வயதுப் பையனைப் போருக்கு அனுப்பலாம், அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு உரிமை கிடையாது.

ஆனால் அழைப்பு எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரித் தட்டவில்லை. கல்லூரியில் முழுநேரம் படிக்கிறவனுக்கு 2-S என்ற வகையில் தள்ளிவைப்பு கிடைத்தது. படிக்க வைக்க வீட்டில் காசு இருந்தால் நான்கு வருடம் தப்பலாம். தெரிந்த டாக்டர் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டலாம். நேஷனல் கார்டு, ரிசர்வ் போன்ற படைகளில் இடம் பிடித்தால் பெரும்பாலும் வியட்நாமுக்குப் போகாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம், ஆனால் அந்த இடங்களுக்குப் பெரிய வரிசை, யாராவது சிபாரிசு செய்தால் வரிசை சுருங்கும். பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டு எடுக்கிற முறை 1969 டிசம்பர் 1 அன்றுதான் வந்தது. பாட்டு வந்தது அதற்குச் சற்று முன்பு, அந்த இலையுதிர் காலத்தில்.

பாட்டை எழுதிய ஜான் ஃபோகர்ட்டிக்கு இதெல்லாம் கேள்விப்பட்ட விஷயம் இல்லை. 1966இல் அவருக்கே அழைப்பு வந்து, ராணுவ ரிசர்வில் சேர்ந்து பயிற்சி முகாம்களில் இருந்திருக்கிறார். குழுவின் டிரம்மர் டக் கிளிஃபர்ட் கடலோரக் காவல்படை ரிசர்வில் இருந்தவர். கலிபோர்னியாவின் எல் செரிட்டோ என்ற சிறிய ஊரின் பள்ளித் தோழர்கள் இவர்கள், பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை.

பாட்டுக்குப் பொறி ஒரு கல்யாணம். 1968 டிசம்பரில், அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த நிக்சனின் மகள் ஜூலிக்கும் முன்னாள் அதிபர் ஐசன்ஹோவரின் பேரன் டேவிட்டுக்கும் திருமணம் நடந்தது. இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் எவரும் போர்முனைக்குப் போகப் போவதில்லை என்று தோன்றியதுதான் ஆரம்பம் என்று ஃபோகர்ட்டி பிற்பாடு சொல்லியிருக்கிறார். உட்கார்ந்ததும் இருபது நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டாராம். (நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த டேவிட் 1970 முதல் மூன்று வருடம் கடற்படையில் பணிசெய்தார். பாட்டு தீர்ப்பு எழுதுகிற இடம் இல்லை, கோபம் வந்த நேரத்தில் கண்ணில் பட்டவர் அவர்.)

படி 2: பேசுவது யார், யாரிடம் என்று பாருங்கள்

இப்போது வரிகளை எடுங்கள். மூன்று சரணம், ஒரு பல்லவி, அவ்வளவுதான். ஒவ்வொரு சரணமும் 'சில பேர்' என்றுதான் ஆரம்பிக்கிறது. முதல் சரணத்தில் கொடி அசைக்கவே பிறந்தவர்கள். இரண்டாவதில் கையில் வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவர்கள், வரி அதிகாரி வாசலுக்கு வந்தால் மட்டும் வீடு பழைய சாமான் கடை மாதிரி ஆகிவிடும். மூன்றாவதில் தேசபக்திக் கண்ணைப் பரம்பரைச் சொத்தாக வாங்கியவர்கள், போருக்கு அனுப்புவார்கள், எவ்வளவுதான் கொடுப்பது என்று கேட்டால் இன்னும், இன்னும் என்பார்கள்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். வியட்நாம் என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. கட்டாய அழைப்பு என்ற சொல்லும் இல்லை. போர் என்ற சொல்லே மூன்றாவது சரணத்தில்தான் வருகிறது. நட்டநடுவே இருப்பது வரி ஏய்ப்பு! போர் எதிர்ப்புப் பாட்டில் வருமான வரிக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நடுச் சரணத்தை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள், பாட்டு ஒரே ஒரு போரின் மீதான புகாராகச் சுருங்கிவிடும். அது இருப்பதால்தான் சுமையெல்லாம் கீழே, சலுகையெல்லாம் மேலே என்ற ஏற்பாட்டின் மீதான புகாராக விரிகிறது. அந்தப் போர் 1975இல் முடிந்தது, ஏற்பாடு முடியவில்லை.

இரண்டாவது, சரணத்தில் 'உன்னை', பல்லவியில் 'நான்'. பீரங்கியை உன் பக்கம் திருப்புவார்கள், உன்னைப் போருக்கு அனுப்புவார்கள் என்று சரணம் கேட்கிறவனைப் பார்த்துப் பேசுகிறது. பல்லவி வந்ததும் குரல் சட்டென்று தன் பக்கம் திரும்பி, நான் செனட்டர் மகன் இல்லை, கோடீஸ்வரன் மகன் இல்லை, அந்தக் கொடுத்துவைத்தவன் நான் இல்லை என்கிறது. தான் யார் என்று அவன் கடைசிவரை சொல்வதே இல்லை, யார் இல்லை என்று மட்டும்தான். பேரும் ஊரும் தொழிலும் காலியாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் அந்த இடத்தில் ஏறி நின்று பாடிவிடலாம். போர்முனையில் இருந்த சிப்பாய்கூடக் கூச்சமில்லாமல் பாடலாம், பாட்டு அவனைத் திட்டவில்லையே.

ஒப்பிட ஒன்று. 1965இல் பாரி மெக்வைர் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்' பாட்டைக் கேளுங்கள். அணுகுண்டு, கறுப்பின உரிமைப் போராட்டம் நடந்த செல்மா, சீனா, ஓட்டு வயது என்று அந்த வருடத்துச் செய்தித்தாளின் தலைப்புகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், ஒருவர் மேலே நின்று நம்மிடம் உலகம் அழியப் போகிறது பார் என்று எச்சரிப்பார். கேட்கலாம், கோபம் உண்மையானதுதான், ஆனால் நாம் ஏறி நிற்க அதில் இடம் இல்லை.

இன்னொரு வகையும் உண்டு, எதிராளியின் குரலிலேயே பேசுவது. கண்ட்ரி ஜோ மெக்டொனால்டின் 'ஐ ஃபீல் லைக் ஐம் ஃபிக்ஸின் டு டை ரேக்' அப்படித்தான். சர்க்கஸ் கூடாரத்துக்கு ஆள் கூப்பிடுகிற உற்சாகத்தோடு இளைஞர்களையும், பங்குச் சந்தைக்காரர்களையும், தளபதிகளையும், பெற்றோர்களையும் ஒவ்வொருவராக அழைக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளையைப் பெட்டியில் திரும்பப் பெறுகிற முதல் ஆளாக முந்திக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்கிற இடம் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். தமிழில் இதற்குப் பெயரே இருக்கிறது, வஞ்சப்புகழ்ச்சி. தொண்டைமானின் பளபளப்பான ஆயுதங்களைப் புகழ்வதுபோல ஔவையார் குத்தினாரே, அதே வேலை. மெக்டொனால்டு கடற்படையில் பணிசெய்து வந்தவர் என்பதையும் சேர்த்து வைத்துக் கேளுங்கள்.

படி 3: வரிகளை மூடிவிட்டு இசையை மட்டும் கேளுங்கள்

'ஃபார்ச்சுனேட் சன்' மொத்தம் இரண்டேகால் நிமிடத்துக்குச் சற்றுக் கூட. டிரம்ஸ் தனியாக ஆரம்பிக்கிறது, உடனே பேஸும் கிட்டாரும் சேர்கின்றன, நீட்டி முழக்குகிற சோலோ எதுவும் கிடையாது. சரணத்துக்கு ஸ்வரக்கட்டுகள் G, F, C, மறுபடி G. பல்லவிக்கு G, D, C, G. கிட்டார் பழக ஆரம்பித்து சில மாதம் ஆனவர்கள்கூட வாசித்துவிடலாம்.

அந்த F ஸ்வரக்கட்டைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சாதாரணமாக G மேஜரில் F ஷார்ப்தான் இருக்கும், இங்கே அரைப் படி இறங்கிய F வருகிறது. அதனால் சரணம் முழுக்கத் தரையோடு தரையாக, ப்ளூஸ் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறது. பல்லவியில் D வந்ததும் கூரை திறந்ததுபோல் குரல் மேலே போகிறது. சரணத்தில் அடக்கிச் சொன்ன ஆள் பல்லவியில் கத்துகிறான் என்பதைச் சொல்லாமலேயே இசை சொல்லிவிடுகிறது. வரி புரியாத ஆளுக்கும் அங்கே ஒருவன் எதையோ மறுக்கிறான் என்பது கேட்கும். இதே வலிமைதான் பின்னால் இந்தப் பாட்டுக்கு வில்லனும் ஆகப்போகிறது: சொல்லை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் வெறும் வீரம் மாதிரியும் ஒலிக்கும்.

சொல்லே இல்லாமல் இசை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிய வேண்டுமானால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்ட் 18, திங்கள்கிழமை காலை உட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்த அமெரிக்க தேசிய கீதத்தைக் கேளுங்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் கிளம்பிவிட்ட நேரம். கீதத்தில் ராக்கெட்டும் வெடிகுண்டும் வருகிற வரிகள் உண்டு, சரியாக அந்த இடங்களில் கிட்டார் ஓலமிட்டு விழுகிறது, குண்டு விழுகிறது, அப்புறம் ராணுவச் சாவுக்கு ஊதுகிற 'டாப்ஸ்' மெட்டு ஒரு கணம் தலைகாட்டுகிறது. எல்லா அமெரிக்கனுக்கும் வரி மனப்பாடம் என்பதை நம்பி வாசித்தது இது. ஹெண்ட்ரிக்ஸும் பாராட்ரூப்பராகப் பயிற்சி பெற்றவர்தான். இது கண்டனமா என்று டிவி பேட்டியில் கேட்டபோது, தனக்கு அது அழகாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படி 4: பாட்டு எங்கே ஒலிக்கச் செய்யப்பட்டது என்று கேளுங்கள்

நிறையப் பேர் விட்டுவிடுகிற படி இது. எதிர்ப்புப் பாட்டு என்று ஒரே மூட்டையில் கட்டுகிறோம், ஆனால் ஊர்வலத்தில் பாட, ஏஎம் ரேடியோவில் ஒலிக்க, அறையில் தனியாகக் கேட்க என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை.

ஊர்வலப் பாட்டுக்குப் பல்லவி ஒன்றே போதும். ஜான் லெனன் 1969 ஜூன் 1 அன்று மாண்ட்ரியால் ஹோட்டல் அறையில் பதிவு செய்த 'கிவ் பீஸ் எ சான்ஸ்' பாட்டின் சரணங்கள் வெறும் சொல் விளையாட்டு, யாருக்கும் ஞாபகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். அந்த நவம்பர் 15ஆம் தேதி வாஷிங்டனில் திரண்ட லட்சக்கணக்கானவர்கள் நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரோடு சேர்ந்து பாடியது அந்த ஒற்றைப் பல்லவியைத்தான். வீட்டில் தனியாகக் கேட்டால் எனக்கு இது சலிப்பாகத்தான் இருக்கிறது, கூட்டத்தில் நின்றால் வேறு கதை.

ஏஎம் ரேடியோவுக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும், விளம்பரதாரர் முகம் சுளிக்கக் கூடாது. நீளமான, காரமான பாட்டுகளுக்கு எஃப்எம்தான் கதவு திறந்தது. ஏஎம் நிகழ்ச்சியை அப்படியே எஃப்எம்மில் மறுஒலிபரப்பு செய்யக் கூடாது என்று பெரிய நகரங்களில் அரசு விதி கொண்டுவந்ததால், நிலையங்கள் புதிதாக எதையாவது போட்டாக வேண்டியிருந்தது. 1967இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் KMPX மாதிரி நிலையங்கள் ஆல்பம் பாட்டுகளை இஷ்டத்துக்கு ஒலிபரப்ப ஆரம்பித்தன. 'ஃபார்ச்சுனேட் சன்' இரண்டு பக்கமும் போய் வந்தது. அளவில் ஏஎம் பாட்டு, சொல்லில் எஃப்எம் பாட்டு. இசைத்தட்டின் மறுபக்கத்தில் தெருமுனைப் பாட்டுக்காரர்களைப் பற்றிய குஷியான 'டவுன் ஆன் தி கார்னர்' இருந்ததால், அதை வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் இதுவும் கூடவே போனது.

வியட்நாமில் இருந்த சிப்பாய்களிடம் எது ஓடியது தெரியுமா? அனிமல்ஸ் குழுவின் 1965ஆம் வருடத்துப் பாட்டு, எப்படியாவது இந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்ற பல்லவி. ஏழை ஊரில் மாட்டிக்கொண்ட காதல் ஜோடியின் பாட்டு அது, போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எழுதியவர் நினைத்ததும் கேட்டவர் எடுத்துக்கொண்டதும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

படி 5: பெயர்களை எண்ணிப் பாருங்கள்

பெயரும் தேதியும் போட்டால் பாட்டு சீக்கிரம் பழசாகிவிடும், பொதுவாக எழுதினால் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் சரி.

பொதுவாக எழுதி நின்றதற்கு பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டின் 'ஃபார் வாட் இட்ஸ் வொர்த்'. வியட்நாம் பாட்டு என்றே இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1966 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் சன்செட் ஸ்ட்ரிப்பில், இளைஞர்களுக்கு இரவு ஊரடங்கு போட்டதை எதிர்த்து நடந்த மோதலைப் பார்த்து ஸ்டீஃபன் ஸ்டில்ஸ் எழுதியது. என்ன நடக்கிறதென்று முழுசாகத் தெரியவில்லை, துப்பாக்கியோடு ஒருவன் நிற்கிறான், ஜாக்கிரதை என்கிற அளவுக்குத்தான் சொல்கிறது. இடம் சொல்லாததால் எல்லா இடத்துக்கும் பொருந்திவிட்டது.

இப்போது கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் & யங் குழுவின் 'ஓஹையோ'. 1970 மே 4, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது நேஷனல் கார்டு வீரர்கள் பதின்மூன்று விநாடி சுட்டதில் நான்கு மாணவர்கள் செத்தார்கள். பத்திரிகைப் படங்களைப் பார்த்து நீல் யங் எழுதி, அதே மாதம் 21ஆம் தேதி குழுவாகப் பதிவு செய்து, ஜூனில் தட்டு கடைக்கு வந்துவிட்டது. நிக்சன் பெயர் இருக்கிறது, மாநிலத்தின் பெயர் இருக்கிறது, இறந்தவர் எண்ணிக்கை இருக்கிறது. பழைய செய்தித்தாள் ஆகியிருக்க வேண்டிய பாட்டு. ஏன் ஆகவில்லை என்றால், அது செய்தி சொல்வதோடு நிற்கவில்லை. அவளை உனக்குத் தெரிந்திருந்து, தரையில் செத்துக் கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி கேட்கிறது. கடைசியில் டேவிட் கிராஸ்பி இன்னும் எத்தனை பேர் என்று அலறுவது ஒத்திகை பார்த்த அலறல் மாதிரி இல்லை. பெயர் இருப்பது பிரச்சினை இல்லை, பெயரைத் தாண்டிக் கேட்கிறவனுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. 'ஈவ் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்' பட்டியலில் அந்த வேலை இல்லை.

படி 6: தப்பாகப் பயன்படும்போது எங்கே வெட்டுகிறார்கள் என்று பாருங்கள்

இதுதான் நல்ல சோதனை. 'ஃபார்ச்சுனேட் சன்' பாட்டின் முதல் இரண்டு வரியை மட்டும் போட்டு நிறுத்துங்கள். கொடி, சிவப்பு வெள்ளை நீலம், அவ்வளவுதான் காதில் விழும். மூன்றாவது, நான்காவது வரியில்தான் அதிபருக்கான வரவேற்பு இசை ஒலிக்கிறது, பீரங்கி உன் பக்கம் திரும்புகிறது. 2000த்தை ஒட்டி அமெரிக்காவில் வந்த ஒரு ஜீன்ஸ் விளம்பரம் சரியாக அந்த இடத்தில் கத்தரி போட்டது, கொடி வரி வந்தது, பீரங்கி வரவில்லை. ஃபோகர்ட்டிக்குக் கடும் கோபம், ஆனால் பாட்டின் உரிமை அவர் கையில் இல்லை, பழைய ஒப்பந்தத்தில் இசைத்தட்டு நிறுவனத்திடம் போயிருந்தது. உரிமையில் பெரும்பங்கு அவரிடம் திரும்பியது 2023இல்.

2014இல் வாஷிங்டனில் படைவீரர்களுக்காக நடந்த இசை நிகழ்ச்சியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் முதலானோர் இதைப் பாடியபோது நேர்மாறான சண்டை வந்தது, வீரர்கள் முன்னால் ராணுவ எதிர்ப்புப் பாட்டா என்று. படி 2இல் பார்த்தோமே, பாட்டு திட்டுவது அனுப்புகிறவனை, போகிறவனை இல்லை. 2020இல் டிரம்ப் கூட்டங்களில் இந்தப் பாட்டு ஒலித்தபோது ஃபோகர்ட்டி, பணக்கார வீட்டில் பிறந்து மருத்துவக் காரணம் காட்டி அழைப்பிலிருந்து விலக்குப் பெற்ற ஒருவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்று குழம்பிப்போய் வீடியோ போட்டார், அப்புறம் நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார்.

ஹெலிகாப்டர் காட்சிகளிலும் இதே கத்தரிதான், அடுத்த முறை வந்தால் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் டிரம்ஸும் முதல் சரணமும் பல்லவியும் ஓடும், அதற்குள் காட்சி மாறிவிடும். இன்னும், இன்னும் என்று கேட்கிற மூன்றாவது சரணம் வரை எந்த இயக்குநர் விடுகிறார் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.